P0135 என்று சொன்னது கருவி. சென்சார் என்று சொன்னது யார்?

பிளேனோவாசி — மார்ச் 3, இரவு 9.40

என்னுடைய 2004ஆம் ஆண்டு நான்கு சிலிண்டர் செடானில் மூன்று வாரங்களுக்கு முன்பு செக் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. உதிரிபாகக் கடையில் காசு வாங்காமல் பழுதுக் கோடு பார்த்துச் சொல்வார்கள் என்று அலுவலக நண்பர் சொன்னதால் அங்கே போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் கையடக்கக் கருவி ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினார், ஒரு சீட்டை அச்சிட்டார், "முன்பக்க ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்றார். சீட்டில் இருந்த வரி இது:

```
P0135  O2 Sensor Heater Circuit Malfunction (Bank 1 Sensor 1)
```

94 டாலர் கொடுத்துச் சென்சாரை வாங்கினேன். இருபத்திரண்டு ஆண்டுத் துருவோடு ஒரு சனிக்கிழமை முழுவதும் மல்லுக்கட்டி அதை மாட்டினேன். பேட்டரி கம்பியைக் கழற்றி மாட்டியதும் விளக்கு அணைந்தது. நான்காவது நாள் மீண்டும் எரிந்தது. கடைக்குப் போனால் அதே கருவி, அதே P0135.

என் முடிவு: இந்த இலவசக் கருவிகள் எல்லாம் சென்சார் விற்பதற்கான தூண்டில். இருந்தாலும் ஒரு கேள்வி. வாங்கிய சென்சாரே பழுதாக இருக்குமா? வண்டி நிறுவனத்தின் ஒரிஜினலை வாங்கிப் போடலாமா? டீலரிடம் 210 டாலர் என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் புகைச் சோதனையிலும் தேற வேண்டும்.

கேரேஜ்கிளி — மார்ச் 3, இரவு 10.15

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மலிவுச் சென்சார்களின் ஹீட்டர் மின்தடை ஒரிஜினலோடு ஒத்துப்போகாது, வண்டியின் கணினி அதை ஏற்காது. எனக்கு இரண்டு வண்டிகளில் அப்படி நடந்திருக்கிறது. ஒரிஜினலை வாங்குங்கள், விளக்கு அணையும்.

பழைய ஸ்பேனர் — மார்ச் 4, காலை 6.20

ஹூஸ்டனில் பத்தொன்பது ஆண்டுகள் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது முழங்கால் வலியோடு வீட்டில் இருப்பவன் நான். கேரேஜ்கிளி சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் அது வரிசையில் கடைசியாக வர வேண்டிய சந்தேகம். 210 டாலரை எடுக்கும் முன் அந்தச் சீட்டை இன்னொரு முறை படியுங்கள். அதில் Sensor என்ற சொல் இருப்பது உண்மைதான், ஆனால் பழுது என்று அது சொல்வது Heater Circuit, அதாவது ஹீட்டரின் மின்சுற்று. கடைக்காரர் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு முதல் சொல்லை விற்றிருக்கிறார்.

முன்சென்சார் சூடானால்தான் சரியாக வேலை செய்யும். புகை வந்து சூடாக்கும் வரை காத்திருக்காமல் இருக்க அதற்குள் ஒரு சிறு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், சில அடி ஒயர், ஒரு கனெக்டர் ஆகியவற்றைத் தாண்டி ஹீட்டருக்குள் போகிறது. அங்கிருந்து அதே கனெக்டர் வழியாக வெளியே வந்து, இன்னொரு ஒயரில் கணினிக்குப் போகிறது. கணினிக்குள் இருக்கும் ஒரு டிரான்சிஸ்டர் அதைத் தரையோடு இணைக்கும்போது ஹீட்டர் சூடாகிறது. கணினி கவனிப்பது அந்த ஒயரில் எதிர்பார்த்த அளவு மின்னோட்டம் ஓடுகிறதா என்பதை மட்டுமே. ஓடவில்லை என்றால் P0135 என்று எழுதிக்கொள்ளும். ஃபியூஸ் போனாலும், ரிலே ஒட்டாவிட்டாலும், கனெக்டர் முள் பச்சைப் பிடித்திருந்தாலும், ஒயரை எலி கடித்திருந்தாலும், உள்ளே ஹீட்டர் கம்பி அறுந்திருந்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றே. உங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் பல்பைத்தான் முதலில் சந்தேகப்படுவீர்கள், ஆனால் மூன்று அறையிலும் எரியவில்லை என்றால்? அதனால்தான் கேட்கிறேன்: அந்தச் சீட்டில் இரண்டாவது வரி எதுவும் இருந்ததா?

புதிய சென்சார் போட்ட பிறகு விளக்கு நான்கு நாள் அணைந்திருந்ததை வைத்து "கொஞ்சம் சரியானது" என்று எண்ண வேண்டாம். பல வண்டிகளில் இந்தப் பழுது அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பிறகே விளக்கு எரியும்.

பிளேனோவாசி — மார்ச் 4, காலை 8.05

நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன். அந்த நான்கு நாளில் வண்டியை எடுத்ததே இரண்டு முறை. கணக்கு சரியாக இருக்கிறது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. சீட்டைத் தேடுகிறேன்.

எடிசன்காரி — மார்ச் 4, மதியம் 12.30

எனக்கும் இதே கதைதான். கடையில் P0420 என்றார்கள், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றினேன், 1,300 டாலர் போனது, எட்டு மாதத்தில் அதே எண் திரும்பி வந்துவிட்டது. எனக்கும் ஃபியூஸாக இருக்குமா?

பழைய ஸ்பேனர் — மார்ச் 4, மதியம் 1.10

இல்லை, உங்களுடையது வேறு குடும்பம். P0420 மின்சுற்றைப் பற்றியதே அல்ல, கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே போனதாகக் கணினி கணக்கிட்ட ஒரு முடிவு. பின்பக்கச் சென்சாரின் அலையை முன்பக்கத்தோடு ஒப்பிட்டு அந்த முடிவுக்கு வருகிறது. பின்பக்கச் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு கசிவு இருந்து வெளிக்காற்றை உள்ளே இழுத்தாலும் கணக்குத் தப்பும். எண்ணெய் எரிக்கும் எஞ்சின் புதிய கன்வெர்ட்டரையும் கெடுக்கும். எட்டு மாதத்தில் திரும்பியது என்பதால் எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம் அதிகம், ஆனால் பார்க்காமல் சொல்ல முடியாது. எண்ணெய் எத்தனை மைலுக்கு ஒரு குவார்ட் குறைகிறது என்று எழுதி வையுங்கள். இதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

எடிசன்காரி — மார்ச் 4, மதியம் 1.25

குறைகிறது. நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். அது பழைய வண்டியின் குணம் என்று நினைத்தேன்.

பிளேனோவாசி — மார்ச் 5, இரவு 7.50

முதல் சீட்டு கிளவ் பெட்டியில் காபிக் கறையோடு கிடைத்தது. இரண்டாவது வரி இருக்கிறது:

```
P0141  O2 Sensor Heater Circuit Malfunction (Bank 1 Sensor 2)
```

அதாவது பின்பக்கச் சென்சாரின் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. கவுண்டர் இளைஞர் இதைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் முதல் வரிக்குப் பிறகு படிக்கவில்லை. முந்தாநாள் எழுதிய "தூண்டில்" என்ற சொல்லைப் பாதி திரும்பப் பெறுகிறேன். கருவி இரண்டையும் சொல்லித்தான் இருக்கிறது.

கேரேஜ்கிளி — மார்ச் 5, இரவு 8.20

அப்படியானால் இரண்டு சென்சாரும் ஒன்றாக வயதாகியிருக்கின்றன. 1,60,000 மைல் ஓடிய வண்டிதானே? இரண்டையும் சேர்த்து மாற்றுவதே முறை.

பழைய ஸ்பேனர் — மார்ச் 5, இரவு 9.00

இரண்டு சென்சார்களும் ஒரே நாளில் சாக முடிவெடுப்பது அரிது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஃபியூஸ். பானெட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியின் மூடியில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று அச்சிட்டிருக்கும். ஆனால் "ஆக்சிஜன் சென்சார்" என்று தேடினால் கிடைக்காமல் போகலாம், எஞ்சின் கட்டுப்பாட்டுக்கான வேறு பெயரில் இருக்கும். மின்சுற்று வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். பிறகு சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்தில் ஹீட்டர் முள்ளுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் இரண்டு ஒயர்கள் இருக்கும், அவைதான் ஹீட்டருக்கானவை. அவற்றுக்கு எதிரே இருக்கும் இரண்டு துளைகளைத்தான் பார்க்க வேண்டும். சாவியை ஆன் நிலையில் வைத்தால்தான் ரிலே ஒட்டும், அதை மறந்துவிட்டு "வோல்ட் இல்லை" என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

பழைய ஸ்பேனர் — மார்ச் 6, காலை 5.45

தூங்கும் முன் நான் எழுதியதைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது. மல்டிமீட்டர் மட்டும் போதாது. அது மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும் என்பதால், இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் 12 வோல்ட் என்று அழகாகக் காட்டும். ஹீட்டரை இணைத்தால் அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாது. 1998இல் ஒரு வேனில் இப்படி ஏமாந்து, வாடிக்கையாளரின் நல்ல சென்சாரைக் கழற்றிப் புதியது போட்டு, அதே விளக்கோடு அவரைத் திரும்பப் பார்த்தவன் நான். ஆகவே பத்து டாலர் டெஸ்ட் லேம்ப் ஒன்றை வாங்குங்கள். அதன் கிளிப்பைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, முனையை ஹீட்டர் முள்ளில் வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் வரும் வழி நன்றாக இருக்கிறது. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அதே லேம்பை இரண்டு ஹீட்டர் முட்களுக்கும் இடையே பிடியுங்கள். எரிந்தாலோ மினுக்கினாலோ கணினிப் பக்கமும் நன்றாக இருக்கிறது. அதன் பிறகு மிஞ்சுவது சென்சார் மட்டும்தான், அப்போது கடைக்குப் போகலாம்.

புதுஓட்டுநர் — மார்ச் 6, காலை 9.30

கணினி ஒயரை மட்டும்தான் பார்க்கிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சென்சார் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாதா?

பழைய ஸ்பேனர் — மார்ச் 6, காலை 10.05

சொல்லாது. உங்கள் வண்டியிலேயே செய்து பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட் வெப்பச் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, சாவியை ஆன் செய்து, ஸ்கேனரில் வெப்ப அளவைப் பாருங்கள். பல வண்டிகளில் -40 என்று காட்டும். அது மின்னழுத்தத்தைத்தான் வெப்பமாக மொழிபெயர்க்கிறது, ஒயர் அறுந்தால் மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகும், உச்சம் என்றால் அதன் அட்டவணையில் மிகக் கடுங்குளிர். கூடவே P0118 என்று ஒரு கோடும் வரலாம், விளக்கும் எரியலாம். அந்தச் சீட்டோடு கடைக்குப் போனால் உங்களுக்குக் கூலன்ட் சென்சார் விற்பார்கள், ஆனால் கழற்றியது நீங்கள். பார்த்துவிட்டு மறக்காமல் மாட்டி, அந்த எண்ணையும் அழித்துவிடுங்கள்.

புதுஓட்டுநர் — மார்ச் 6, மாலை 6.40

செய்து பார்த்தேன், -40 வந்தது. ஆனால் என் ஸ்கேனர் ஃபாரன்ஹீட்டில் காட்டுகிறதா, செல்சியஸில் காட்டுகிறதா என்று தெரியவில்லை.

பழைய ஸ்பேனர் — மார்ச் 6, மாலை 6.55

கவலையே வேண்டாம். அந்த ஒரு எண்ணில் மட்டும் இரண்டும் ஒன்றுதான்.

பிளேனோவாசி — மார்ச் 7, மதியம் 2.10

டெஸ்ட் லேம்ப் வாங்கினேன். முன்சென்சாரில் எரியவில்லை, பின்சென்சாரிலும் எரியவில்லை. வரைபடத்தைப் பார்த்து, மூடியில் எனக்கு விளங்காத சுருக்கப் பெயர் போட்டிருந்த 15 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கினேன். உள்ளே கம்பி கருகிக் கிடந்தது. ஐந்து ஃபியூஸ் கொண்ட அட்டை நான்கு டாலர். புதியதைப் போட்டேன், இரண்டு இடத்திலும் லேம்ப் எரிகிறது. 94 டாலர் சென்சாரைப் பற்றி மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது யோசிக்கிறேன். இழையை முடித்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்பேனர் — மார்ச் 7, மதியம் 2.30

முடிக்க வேண்டாம். ஃபியூஸ் தானாகச் சாகாது. ஏன் போனது என்று தெரியும் வரை உங்களுக்கு மீதமிருக்கும் நான்கு ஃபியூஸையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் 20 ஆம்பியர் போட்டு மட்டும் சமாளிக்காதீர்கள், அடுத்து கருகுவது ஒயராக இருக்கும்.

பிளேனோவாசி — மார்ச் 8, இரவு 8.15

போனது. வீட்டுத் தெரு முனையிலுள்ள வேகத்தடையைத் தாண்டியபோதே போயிருக்க வேண்டும், மாலையில் பார்த்தால் கருகியிருந்தது. மீதம் நான்கு.

பழைய ஸ்பேனர் — மார்ச் 8, இரவு 8.40

வேகத்தடை நல்ல சாட்சி. ஆடும்போது எங்கோ ஹீட்டருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர் உலோகத்தைத் தொடுகிறது. அந்த ஒயர் மட்டும்தான் ஃபியூஸை எரிக்கும். கணினிக்குத் திரும்பிப் போகும் ஒயர் தரையைத் தொட்டால் ஹீட்டர் நிற்காமல் எரியுமே தவிர ஃபியூஸ் போகாது. எஞ்சின் ஆறியதும் பின்சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, புது ஃபியூஸோடு அதே வேகத்தடையில் ஓட்டுங்கள். ஃபியூஸ் தாங்கினால் பழுது கனெக்டரைத் தாண்டிப் பின்சென்சாரின் சொந்த ஒயரில். தாங்காவிட்டால் வண்டிப் பக்கத்திலோ முன்சென்சாரிலோ.

பிளேனோவாசி — மார்ச் 9, மாலை 5.30

ஆறு முறை வேகத்தடையில் ஏறி இறங்கினேன், எதிர்வீட்டுப் பாட்டி கையசைத்தே களைத்துவிட்டார். ஃபியூஸ் தாங்கியது. பிறகு வண்டியை ஜாக் போட்டு உயர்த்தி, ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச்சோடு கீழே போனேன். பின்சென்சாரின் ஒயரைத் தரைத்தட்டோடு பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறது. ஒயர் தொங்கி, புகைக்குழாயின் மேல் சாய்ந்திருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுக்குக் காப்பு உருகி, உள்ளே செம்பு தெரிகிறது, குழாயில் அதே இடத்தில் கறுப்பு மை தடவியது போல ஒரு புள்ளி. போன ஆண்டு சைலன்சர் மாற்றியபோது கிளிப் உடைந்ததா, வயதால் உடைந்ததா என்று தெரியவில்லை, நிரூபிக்கவும் முடியாது.

கேரேஜ்கிளி — மார்ச் 9, மாலை 6.00

ஆக, கடைசியில் பழுது சென்சாரில்தானே!

பிளேனோவாசி — மார்ச் 9, மாலை 6.10

வேறு சென்சாரில், அதன் ஒயரில், ஒரு கிளிப்பால். நான் மாற்றியது முன்பக்கத்தில் இருந்த, எந்தக் குற்றமும் செய்யாத ஒன்று. கடையில் இரண்டு வரியையும் படித்து இரண்டு சென்சாரும் விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பின்சென்சாரைக் கழற்றும்போது உருகிய ஒயரும் போயிருக்கும், ஆனால் ஃபியூஸ் கருகியே இருந்திருக்கும், விளக்கும் எரிந்துகொண்டே இருந்திருக்கும். நான் மூன்றாவதாகக் கணினியை வாங்கியிருப்பேன்.

ஒயரைச் சால்டர் வைத்து ஒட்டலாமா?

கேரேஜ்கிளி — மார்ச் 9, மாலை 6.20

சால்டரைவிட உறுதியான இணைப்பு கிடையாது. தாராளமாகச் செய்யுங்கள்.

பழைய ஸ்பேனர் — மார்ச் 9, இரவு 7.05

மற்ற ஒயரில் நானும் அதையே சொல்வேன், ஆக்சிஜன் சென்சாரில் மட்டும் வேண்டாம். இவற்றில் பல, ஒப்பிட்டுப் பார்க்கத் தேவைப்படும் வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன. சால்டர் உருகி இழைகளுக்குள் பரவினால் அந்த மூச்சு அடைபடும். கிரிம்ப் ஸ்லீவ் போட்டு அழுத்தி, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாயை ஏற்றுங்கள். கனெக்டருக்குள் மின்தொடர்புக் கிரீஸைத் திணிப்பதும் இதே காரணத்தால் நல்லதல்ல. பிறகு குழாயைத் தொடாதபடி ஒயரை உலோகக் கிளாம்பால் மேலே கட்டுங்கள், பிளாஸ்டிக் டை அந்தச் சூட்டில் நிற்காது.

பிளேனோவாசி — மார்ச் 11, இரவு 9.20

கிரிம்ப் போட்டாயிற்று, கிளாம்ப் கட்டியாயிற்று, கனெக்டர் மாட்டியாயிற்று. வேகத்தடையில் நான்கு முறை ஏறி இறங்கியும் ஃபியூஸ் அப்படியே இருக்கிறது.

குப்பையில் போடாமல் வைத்திருந்த பழைய முன்சென்சாரின் ஹீட்டர் முட்களை மல்டிமீட்டரில் அளந்தேன். 12.9 ஓம். இந்த வண்டியின் கையேடு 20 டிகிரியில் 11 முதல் 16 வரை என்கிறது. புதியதை முன்பே அளந்து வைத்திருந்தேன், அது 13.4. இதைச் சொல்லி இன்று கடையில் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். ஒரு முறை மாட்டிய மின்பாகத்தைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

கேரேஜ்கிளி — மார்ச் 11, இரவு 9.45

ஹீட்டர் மின்தடை சரியாக இருந்தால் சென்சாரும் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. 1,60,000 மைல் சென்சார் மந்தமாக வேலை செய்யும். 94 டாலர் முழுவதும் வீண் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய ஸ்பேனர் — மார்ச் 12, காலை 6.10

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஹீட்டரை அளப்பது ஹீட்டரைப் பற்றி மட்டுமே சொல்லும். சென்சார் மந்தமா என்று பார்க்க எஞ்சின் ஓடும்போது அதன் அலையைப் பார்த்திருக்க வேண்டும், அதைக் கழற்றும் முன் யாரும் பார்க்கவில்லை. இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல முடியாது. மந்தமான சென்சாருக்கு வேறு எண் வரும், அது சீட்டில் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்து வைக்கிறேன்.

பிளேனோவாசி, புகைச் சோதனைக்கு உடனே ஓடாதீர்கள். பேட்டரியைக் கழற்றியபோது கோடு மட்டுமல்ல, பழுது நடந்த நேரத்தின் பதிவும், கணினி தன்னையே சோதித்து முடித்த கணக்குகளும் அழிந்திருக்கும். 2001க்குப் பிந்தைய வண்டியில் ஒரே ஒரு சோதனை மட்டும் முடியாமல் இருக்கலாம், இரண்டு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிளேனோவாசி — மார்ச் 20, மாலை 7.00

ஒன்பது நாளாக விளக்கு இல்லை. சொந்தமாக 25 டாலரில் ஒரு ரீடர் வாங்கிவிட்டேன். ஹீட்டர் சோதனை இரண்டாம் நாளே முடிந்தது. மீதம் இரண்டு: கன்வெர்ட்டர் சோதனையும், டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் சோதனையும். பின்னது ஓட டேங்க் நிரம்பியும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாதாம். நேற்றுதான் விளிம்பு வரை நிரப்பினேன்.